உதவி: படத்தில் உள்ள பார்கோடு, பேட்ச் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரையும் தேதியையும் கண்டுபிடிக்க முடியுமா? (அவசரம்)

அருள்_தஞ்சை (பிப்ரவரி 6, 2025, காலை)

எல்லோருக்கும் வணக்கம். இணைத்துள்ள படத்தில் இருக்கும் பொருளை யார் தயாரித்தார்கள், எப்போது தயாரித்தார்கள் என்று இன்றைக்குள் தெரிய வேண்டும். பார்கோடு எண் 2100458002507. தேடாத இடம் இல்லை, எதிலும் ஒன்றும் வரவில்லை. பேட்ச் எண் T4197B, அதன் பக்கத்தில் 06:42 என்று இருக்கிறது. பாக்கெட் இப்போது கையில் இல்லை, குப்பை வண்டியில் போய்விட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வலங்கைமான்

படம் மிகவும் மங்கலாக இருக்கிறது தம்பி. என்ன பொருள்? எந்த ஊரில் வாங்கியது? மருந்தா, உணவா, சோப்பா என்றே தெரியவில்லை.

செங்குட்டுவன்

இந்தக் குழுவில் கேள்வி கேட்பதற்கு முன் முழு விவரம் தர வேண்டும் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன். பொருளின் பெயர், எடை, வாங்கிய நாள், கடை, எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற ஐந்தும் இல்லாமல் வருவது கைரேகை பார்க்கச் சொல்வதற்குச் சமம். பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு. உங்களுடையது 210-இல் தொடங்குகிறது. எனவே வெளிநாட்டுச் சரக்கு. இது அடிப்படை.

பார்வதி_நாகர்கோவில்

இதற்கு ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? போனில் ஸ்கேன் செய்தாலே எல்லாம் வந்துவிடுமே. என் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அட்டையை ஸ்கேன் செய்தேன். கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, உரிம எண் வரை வந்தது.

கிடங்கு_மேற்பார்வை

பார்வதி அம்மா, நீங்கள் ஸ்கேன் செய்தது கோடுகளாக இருக்கும் பார்கோடு இல்லை, புள்ளிகள் நிறைந்த சதுரம். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு அப்படியொரு குறியீடு கட்டாயம். பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மளிகைப் பாக்கெட்டின் 13 இலக்கப் பார்கோட்டில் தேதி கிடையாது. ஜனவரியில் போட்ட பாக்கெட்டுக்கும் டிசம்பரில் போட்ட பாக்கெட்டுக்கும் ஒரே எண்தான். தேதி வேண்டுமென்றால் இங்க்ஜெட்டில் அடித்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

அருள் தம்பி, 2-இல் தொடங்கும் எண் எந்த நாட்டுடையதும் அல்ல. 200 முதல் 299 வரை கடைகள் தங்களுக்குள் வைத்துக்கொள்வதற்காக விடப்பட்டவை. கல்லாவில் நிற்கும் கணினிக்கு மட்டுமே அதன் பொருள் தெரியும். பொதுத் தேடலில் ஒருநாளும் வராது. உங்கள் எண்ணைப் பிரித்தால் 21, பிறகு 00458, பிறகு 00250, கடைசியில் 7. 00458 அந்தக் கடை பொருளுக்கு வைத்த எண்ணாக இருக்கும். 00250 எடையாகவோ விலையாகவோ இருக்கலாம். பாக்கெட் என்ன விலை? இந்தப் பார்கோடு தனியாக ஒட்டிய வெள்ளைத் தாளில் இருக்கிறதா, பாக்கெட்டிலேயே அச்சானதா?

அருள்_தஞ்சை

மன்னிக்கவும், இதெல்லாம் படத்தில் தெரியும் என்று நினைத்துவிட்டேன். குழந்தைகளுக்கான சிறுதானியச் சத்துமாவு, 500 கிராம், விலை 250 ரூபாய். ஓசூரில் இருக்கும் அக்கா, அங்கே ஒரு கடையில் ஜனவரி கடைசியில் வாங்கினார். நேற்று முன்தினம் கஞ்சி குடித்ததிலிருந்து அக்கா மகளுக்கு விடாமல் வாந்தி. மருத்துவமனையில் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குள் குப்பையில் போய்விட்டது. இதே மாவை எனக்கும் வாங்கிவைக்கச் சொல்லி முன்பு அனுப்பிய படம் மட்டும்தான் இருக்கிறது. வெள்ளைத் தாள்தான், கடைக்காரர் ஒட்டியது. அதில் பேக்கிங் தேதி 20/01/25 என்றும் இருக்கிறது.

வலங்கைமான்

பிறகென்ன தம்பி, தேதி கிடைத்துவிட்டதே. ஜனவரி 20-இல் பேக் செய்திருக்கிறார்கள், புதிய சரக்குதான். கோளாறு தண்ணீரிலோ பாலிலோ இருக்கும். குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள்?

அருள்_தஞ்சை

குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை.

கிடங்கு_மேற்பார்வை

குழந்தை தேறியது நிம்மதி. ஆனால் வலங்கைமான் ஐயா, அந்தத் தேதியை நம்ப வேண்டாம். அது கடையின் லேபிள் இயந்திரம் தாளை அச்சடித்த நாளாக இருக்கலாம். பருப்பையும் மிளகாயையும் கடையே நிறுத்துப் பொட்டலம் போடும்போது அந்தத் தேதிக்குப் பொருள் உண்டு. தொழிற்சாலையில் மூடி ஒட்டி வந்த மாவுப் பாக்கெட்டின் மேல் அதை ஒட்டினால், அதற்கும் மாவின் வயதுக்கும் தொடர்பே இல்லை.

தம்பி, இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில், அக்காவின் போன் கேலரியில் இருக்கும் மூலப் படத்தை அப்படியே ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். நீங்கள் இங்கே போட்டிருப்பதில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து, வெள்ளைத் தாளின் ஓரத்தில் பாக்கெட்டின் சொந்தப் பார்கோடு எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். இந்தப் படத்திலேயே இடது பக்கம் சில கோடுகள் தெரிவது போல இருக்கிறது.

அருள்_தஞ்சை

மூலப் படம் வந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி அண்ணா. தாளுக்கு அடியில் இன்னொரு பார்கோடு இருக்கிறது, 890-இல் தொடங்குகிறது. 12 இலக்கம் தெரிகிறது. வலது ஓரத்துக் கோடுகளும் கடைசி இலக்கமும் தாளுக்குள் மறைந்துவிட்டன. ஸ்கேன் ஆகவில்லை. 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவா?

கிடங்கு_மேற்பார்வை

வேண்டாம். மறைந்தது கடைசி இலக்கமாக இருப்பது உங்கள் நல்ல காலம். அது மற்ற 12 இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். உங்கள் எண்ணை இங்கே போட வேண்டாம். எதுவும் உறுதியாகாமல் ஒரு கம்பெனியைச் சந்திக்கு இழுத்ததாகிவிடும். வரிசையாக எழுதிய ஒரு எண்ணில் காட்டுகிறேன், உங்களுடையதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

890123456789 என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, முதல் இலக்கத்திலிருந்து கூட்டினால் 8, 0, 2, 4, 6, 8, மொத்தம் 28. மீதி இலக்கங்கள் 9, 1, 3, 5, 7, 9, மொத்தம் 34. இந்த 34-ஐ மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் கூட்டினால் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். 130 ஏற்கனவே பத்தின் மடங்கு, ஆகவே 0. முழு எண் 8901234567890.

உங்கள் கடைத் தாளின் எண்ணையும் இதே கணக்கில் போட்டேன். 19-உடன் 24 சேர்ந்து 43, குறைவது 7. தாளிலும் 7 இருக்கிறது, ஆகவே அதைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 890 எண்ணுக்கு இந்தச் சோதனை இல்லை, ஏனென்றால் விடையே தாளுக்கு அடியில் இருக்கிறது. 12 இலக்கத்தில் ஒன்றைத் தவறாகப் படித்திருந்தாலும் கணக்கு ஏதோ ஒரு விடையைத் தரும். ஆகவே 3, 8, 6 வரும் இடங்களைப் பெரிதாக்கி ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பிறகு `Verified by GS1` என்ற தேடுபக்கத்தில் 13 இலக்கங்களையும் போடுங்கள். வரும் பொருளின் பெயர் சத்துமாவாக இருந்தால் சரியாகப் படித்தீர்கள் என்று அர்த்தம்.

செங்குட்டுவன்

நான் முதலிலேயே சொன்னது 890 பற்றி. 890 என்றாலே இந்தியாவில் தயாரித்தது. 690 முதல் 699 வரை சீனா. இதை வைத்து நம் நாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள் என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன்.

சுபாங்கி_கொழும்பு

ஐயா, அது அப்படி இல்லை. இங்கே கடையில் வாங்கும் மைசூர்ப் பருப்புப் பைக்கற்றில் 479 என்று தொடங்கும். 479 இலங்கைக்குரிய எண். ஆனால் அந்தப் பருப்பு கனடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ கப்பலில் வந்தது. எங்கள் மண்ணில் அது விளைவதில்லை.

செங்குட்டுவன்

பொட்டலம் போட்டது இலங்கையில்தானே? அப்படியானால் என் கருத்தே சரி.

கிடங்கு_மேற்பார்வை

இல்லை ஐயா. அந்த மூன்று இலக்கம், எந்த நாட்டு ஜிஎஸ்1 அமைப்பு அந்த எண்ணைக் கொடுத்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. இந்தியாவில் பதிவு செய்த கம்பெனி வியட்நாமில் தயாரித்து அங்கேயே பெட்டியில் அடைத்து இறக்கினாலும் பெட்டியில் 890 இருக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் தயாரிக்கும் பொருளில் அதன் சொந்த நாட்டு எண் இருக்கலாம். எங்கே தயாரானது என்பதைப் பாக்கெட்டின் பின்புறத்துப் பொடி எழுத்தில்தான் படிக்க வேண்டும்.

சுபாங்கி_கொழும்பு

நன்றி அண்ணா. இதையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகப் பலர் பரப்புகிறார்கள், அதை நம்பி வாங்குகிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் குறுக்கிட்டேன்.

அருள்_தஞ்சை

கணக்குப் போட்டேன், கிடைத்துவிட்டது! சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயரும் இதே சத்துமாவின் பெயரும் வந்தன. அப்படியானால் தயாரிப்பாளர் இவர்கள்தானே?

கிடங்கு_மேற்பார்வை

பார்கோடு எண்ணின் உரிமையாளர் அவர்கள். பெயர் அவர்களுடையது, அரைத்துப் பாக்கெட் போட்டது வேறு ஆளாக இருக்கலாம். மாவு, ஊறுகாய், மசாலா மூன்றிலும் இது சர்வசாதாரணம். மூலப் படத்தில் பொடி எழுத்துத் தெரிகிறதா? 14 இலக்க உரிம எண் எத்தனை இருக்கிறது? பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கவும் என்பது போல ஏதாவது எழுதியிருக்கிறதா? காலாவதி பற்றி என்ன இருக்கிறது?

அருள்_தஞ்சை

பெரிதாக்கிப் பார்த்தேன். உரிம எண் இரண்டு இருக்கிறது. சென்னை முகவரிக்குக் கீழே 124-இல் தொடங்கும் எண். அதற்கும் கீழே, "தயாரிப்பு முகவரிக்குப் பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி, T என்பதற்கு நேராக 11220 என்று தொடங்கும் எண். காலாவதி, பேக்கிங் தேதியிலிருந்து 6 மாதம். ஆனால் பேக்கிங் தேதி அச்சான வரி முழுவதும் கடைத் தாளுக்கு அடியில். பேட்ச் வரி மட்டும் வெளியே தெரிகிறது.

வலங்கைமான்

11220 என்றால் அந்த 20, ஆண்டு. எனக்கு இது தெரியும். அப்படியானால் 2020-இல் தயாரித்த மாவா? ஐந்து வருடப் பழையதா?

கிடங்கு_மேற்பார்வை

20 ஆண்டுதான், அதுவரை சரி. ஆனால் அது உரிமம் வழங்கிய ஆண்டு, மாவு அரைத்த ஆண்டு அல்ல. முதல் 1 உரிமம் என்பதற்கு, சிறு வணிகர்களின் பதிவாக இருந்தால் 2 என்று தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். 24 தமிழ்நாடு, 12 கர்நாடகம். ஆகவே விற்பவர் சென்னை, அரைத்தவர் கர்நாடகம்.

அருள் தம்பி, `foscos.fssai.gov.in` தளத்தில் உரிம எண்ணைக் கொண்டு தேட வசதி இருக்கிறது. கீழே இருக்கும் 14 இலக்கத்தையும் போடுங்கள். பெயர், முகவரி, உரிமம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது வரை வரும்.

அருள்_தஞ்சை

வந்துவிட்டது. தும்கூர் மாவட்டத்தில் ஒரு மாவு ஆலை. உரிமம் நடப்பில் இருக்கிறது. T என்பது தும்கூர்தான் போலிருக்கிறது. இனி தேதி?

செங்குட்டுவன்

4197 என்பதில் 4 ஆண்டின் கடைசி இலக்கம், 197 ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. என் மேசையில் இருக்கும் அட்டவணைப்படி 197 ஜூலை 16. ஆகவே 2024 ஜூலை 16.

வலங்கைமான்

4 ஏப்ரல், 19 தேதி, 7 ஷிப்ட் என்றும் இருக்கலாமே? என் மைத்துனர் வேலை செய்த பிஸ்கட் ஆலையில் மாதம் முதலில் வரும்.

கிடங்கு_மேற்பார்வை

வலங்கைமான் ஐயா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பார்கோடு உலகத்துக்கே பொதுவானது, பேட்ச் எண் அந்தந்த ஆலையின் சொந்த மொழி. எந்த அட்டவணையும் அதை நமக்கு நிரூபித்துக் காட்டாது. சாவி ஒன்றுதான். அதே பொருளின், அதே T ஆலையின் வேறொரு பாக்கெட், தேதி வரி மறையாமல் தெரிவதாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எழுத்தின் பொருள் விளங்கிவிடும். ஓசூரில் வேறு கடையில் கிடைக்குமா என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செங்குட்டுவன் ஐயா, வழி சரிதான். ஆனால் 2024-இல் பிப்ரவரிக்கு 29 நாள். ஜூன் முடியும்போது 182 நாள், 197 என்றால் ஜூலை 15. உங்கள் அட்டவணை சாதாரண ஆண்டுக்கானது. எக்செல் இருந்தால் அட்டவணையே வேண்டாம்:

```
=DATE(2024,1,0)+197
```

செங்குட்டுவன்

பல ஆலைகள் எல்லா ஆண்டுக்கும் 365 நாள் அட்டவணையைத்தான் பயன்படுத்துகின்றன. நான் பார்த்திருக்கிறேன். மேலும் ஆறு மாதக் கணக்கில் ஒரு நாள் முன்னே பின்னே போனால் என்ன? இதற்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

கிடங்கு_மேற்பார்வை

காலாவதிக்கு ஒரு நாள் பெரிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலையில் ஜூலை 16-ஆம் தேதிப் பதிவேட்டைப் புரட்டினால் 4198 பேட்ச் வரும். அன்று அரைத்த தானியம் வேறு லாரியில் வந்ததாக இருக்கும். தவறான நாளின் மாவைச் சோதித்து ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு நாள் முக்கியம்.

அருள்_தஞ்சை (பிப்ரவரி 7)

அத்தான் மூன்று கடை ஏறி இறங்கினார். மூன்றாவது கடையில் இதே மாவு, தாள் ஒட்டாத பாக்கெட். பேட்ச் T4234A, அதற்குக் கீழேயே பேக்கிங் தேதி 21/08/24. படம் இணைத்திருக்கிறேன்.

கிடங்கு_மேற்பார்வை

இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 2024-இல் ஜூலை முடிய 213 நாள், 21 கூட்டினால் 234. சாதாரண ஆண்டு அட்டவணைப்படி 234 ஆகஸ்ட் 22 ஆகியிருக்கும். அச்சில் 21 இருக்கிறது. ஆகவே இந்த ஆலை நாள் எண்ணைத்தான் எழுதுகிறது, லீப் ஆண்டையும் சரியாகக் கணக்கில் எடுக்கிறது. மாதம்-தேதி என்று படித்தால் 4234 ஏப்ரல் 23 ஆகிவிடும், அச்சான ஆகஸ்டோடு ஒத்துவராது. உங்கள் T4197B ஜூலை 15-இல் பேக் செய்தது. ஆறு மாதம் 2025 ஜனவரி 15-ஓடு முடிகிறது. கடைத் தாளில் ஜனவரி 20. காலாவதியான பிறகு, மூலத் தேதி மறையும்படி அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது.

கடைக்காரர் தெரிந்தே செய்தாரா, பில் போடுவதற்காக ஒட்டிய தாள் அந்த இடத்தில் விழுந்ததா என்பது படத்திலிருந்து தெரியாது. வாந்திக்குக் காரணம் இந்த மாவுதான் என்பதும் தெரியாது. ஆறு மாதம் தாண்டிய மறுநாளே மாவு விஷமாவதில்லை. சிக்குவாடையோ பூச்சியோ பூஞ்சையோ இருந்ததா என்று அக்காவைக் கேளுங்கள். இனி சோதனைக்கு வேண்டியது அதே T4197B பேட்சின் பிரிக்காத பாக்கெட். அந்தக் கடையில் மீதி இருந்தால் நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம், மறுநாள் அலமாரி காலியாகிவிடும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் இரண்டு படங்களையும், மூலக் கோப்பாகவே, பில்லோடு கொடுங்கள். அவர்கள் மாதிரி எடுத்தால்தான் சட்டப்படி செல்லும். வாங்குகிறவரே பகுப்பாய்வாளருக்கு அனுப்பவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அப்படி அனுப்பப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும், கட்டணமும் உண்டு.

பார்வதி_நாகர்கோவில்

எங்கள் தெருக்கடையிலும் இப்படித்தான் தேதி மேல் தாள் ஒட்டுகிறார்கள். உரித்துப் பார்த்தால் அடியில் இருக்கும் எழுத்தும் தாளோடு வந்துவிடுகிறது. என்ன செய்வது?

அருள்_தஞ்சை (பிப்ரவரி 12)

சுருக்கமாகச் சொல்கிறேன், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். மாவு கசந்தது என்று அக்கா சொல்கிறார். அலுவலரிடம் புகார் கொடுத்தோம். கடையில் அதே பேட்சில் இரண்டு பாக்கெட் இருந்தன, எடுத்துச் சென்றிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. கிடங்கு அண்ணாவுக்கு மிக்க நன்றி.

செங்குட்டுவன்

முடிவு வந்ததும் இங்கே எழுத வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

கிடங்கு_மேற்பார்வை

பார்வதி அம்மா, உரிக்காதீர்கள். தாளின் பசை இங்க்ஜெட் மையைப் பிளாஸ்டிக்கிலிருந்து தூக்கிவிடும். ஒளி ஊடுருவும் உறையாக இருந்தால் மாவை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தாளுக்குப் பின்புறத்தில் போனின் விளக்கைப் பிடித்து இருட்டில் படம் எடுங்கள். மை கறுப்பாக நின்று தெரியும். உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ள உறையில் இது நடக்காது. அப்போது தாளின் ஓரத்தில் தெரியும் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, தாள் ஒட்டாத வேறு பாக்கெட்டைத் தேடுவதுதான் வழி.